ஆட்புளூ ஊற்றியும் அணையாத விளக்கு

"அண்ணே, என் 2.2 டீசல் எம்பிவியில் ஃபில்டர் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு வாரமாக எரிகிறது. ஆட்புளூ குறைந்திருக்கும் என்று நினைத்து 10 லிட்டர் போத்தல் வாங்கி 6 லிட்டர் ஊற்றினேன். அணையவில்லை. தினமும் ஆயர் ஈத்தாமிலிருந்து ஜெலுத்தோங் வரைக்கும்தான் ஓட்டம். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவேன். ஹைவேயில் ஒரு மிதி மிதித்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?"

ஊற்றிய ஆட்புளூ வீண் இல்லை தம்பி. அதன் வேலையை அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்த விளக்கு கேட்டது அதை அல்ல. இதே குழப்பத்தோடு எங்கள் பட்டறைக்கு அடிக்கடி ஆள் வருகிறார்கள். ஒருவர் ஆட்புளூவை டீசல் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, இழுவை வண்டியில் வந்து இறங்கினார். நீங்கள் சரியான தொட்டியில் ஊற்றியிருக்கிறீர்கள், அந்த மட்டும் நல்லது.

டீசல் எஞ்சினின் புகையில் இரண்டு தனித்தனி அழுக்குகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற கரி. மற்றது கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு வாயு. இரண்டையும் ஒரே பெட்டியால் ஒழிக்க முடியாததால், புகைக்குழாய் வழியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஆட்புளூ என்பது 32.5 விழுக்காடு யூரியாவும் மீதி சுத்திகரித்த நீரும். சூடான புகைக்குள் அதைச் சிறிது சிறிதாகப் பீச்சினால் யூரியா உடைந்து அம்மோனியா ஆகும். அந்த அம்மோனியா கடைசிப் பெட்டியில் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து, வெறும் நைட்ரஜனாகவும் நீராவியாகவும் வெளியே போகும். அவ்வளவுதான் அதன் கதை. கரியை அது எரிக்காது. ஆட்புளூ தொட்டி வழிய வழிய இருந்தாலும் கரி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஆட்புளூ குறைந்தால் வருகிற எச்சரிக்கையும் வேறு. பெரும்பாலும் திரையில் இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான் ஓடும் என்று எழுத்திலேயே வரும், பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் பல வண்டிகள் அணைத்த பிறகு மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

உங்கள் விளக்கு டிபிஎஃப் எனப்படும் கரி ஃபில்டருடையது. அடைத்துப்போய்த் தூக்கி எறிய வேண்டியிருந்த ஒன்றை ஒருமுறை குறுக்கே அறுத்துப் பார்த்தோம். உள்ளே தேன்கூடு போல ஆயிரக்கணக்கான சதுரத் துளைகள். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு துளை திறந்திருக்கும், பக்கத்துத் துளை அடைத்திருக்கும், சதுரங்கப் பலகையின் வெள்ளைக் கட்டமும் கறுப்புக் கட்டமும் போல. பின்பக்கத்தில் இதுவே தலைகீழ். அதனால் உள்ளே நுழைகிற புகை அந்தத் துளை வழியாகவே வெளியே போக முடியாது. நுண்துளைகள் கொண்ட பீங்கான் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குழாய்க்குப் போய்த்தான் வெளியேற வேண்டும். வாயு சுவரைக் கடந்துவிடும், கரி சுவரிலேயே படிந்துவிடும். நாங்கள் அறுத்ததில் நுழைகிற பக்கத்துக் குழாய்கள் எல்லாம் கறுப்பு மாவு திணித்தது போல இருந்தன. அடுத்த குழாயில் விரல் வைத்தால் கறையே ஒட்டவில்லை.

அந்தக் கரியை அள்ளி வெளியே கொட்ட வழி கிடையாது, இருந்த இடத்திலேயே எரிக்க வேண்டும். அதைத்தான் ரீஜென் என்கிறோம். சிக்கல் என்னவென்றால், கரி சாதாரணமாகப் பற்றி எரிய 550 முதல் 600 டிகிரி வரை சூடு வேண்டும். ஜெலுத்தோங் சாலையில் ஜாமில் ஊர்ந்து போகிற டீசல் வண்டியின் புகை 150, 200 டிகிரியைத் தாண்டாது. டீசல் எஞ்சின் தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டு ஓடுவது, மெதுவாகப் போகும்போது புகை குளிர்ந்துதான் வரும்.

அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது நமக்குத் தெரியாமலே நடப்பது. ஃபில்டருக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஒரு கேட்டலிஸ்ட் இருக்கும். அது புகையில் உள்ள நைட்ரிக் ஆக்சைடில் ஒரு பகுதியை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிடும். அந்த வாயு 250 முதல் 400 டிகிரி சூட்டிலேயே கரியை மெல்லமெல்லத் தின்னும். மலை ஏறும்போதும், ஹைவேயில் சுமையோடு நீண்ட தூரம் போகும்போதும் இது நடக்கும். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சரக்கு ஏற்றி ஓடுகிற லாரிகளுக்கு இது பெரிய உதவி. நகரத்துக்குள்ளேயே சுற்றுகிற உங்கள் வண்டியில் இதை நம்ப முடியாது.

இரண்டாவது, எஞ்சின் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே தீ மூட்டுவது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் இரண்டு சின்னக் குழாய்கள் போய் ஓர் அழுத்த சென்சாரில் சேரும். முன்னால் அழுத்தம் அதிகம், பின்னால் குறைவு என்றால் நடுவில் ஏதோ அடைக்கிறது என்று அர்த்தம். அதோடு எவ்வளவு டீசல் எரிந்தது, எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்தும் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இத்தனை கிராம் கரி சேர்ந்திருக்கும் என்று ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும். அந்த எண் எல்லையைத் தொட்டதும், எஞ்சினும் சூடாக இருந்தால், வேலை ஆரம்பமாகும். சிலிண்டரில் வழக்கமான எரிப்பு முடிந்த பிறகு, பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போது, இன்ஜெக்டர் கொஞ்சம் டீசலைக் கூடுதலாகப் பீச்சும். அது சிலிண்டருக்குள் சரியாக எரியாமல் புகையோடு போய் அந்தக் கேட்டலிஸ்டில் எரியும். அங்கே பிறக்கும் சூடு பின்னால் இருக்கும் ஃபில்டருக்குப் போகும். 600 டிகிரிக்கு ஏறியதும் கரி பற்றிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். தொடங்கி முடிய 10 முதல் 25 நிமிடம் வரை ஆகும். வண்டியையும் ஓட்டத்தையும் பொறுத்து இது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை வரும்.

இதில் ஒரு நிபந்தனையைக் கவனியுங்கள். கேட்டலிஸ்ட் ஏற்கெனவே 250 டிகிரி சுமாருக்குச் சூடாகியிருந்தால்தான் அதில் டீசல் பற்றும். குளிர்ந்த கேட்டலிஸ்டில் பீச்சினால் வெள்ளைப் புகைதான் வரும். அதனால் கம்ப்யூட்டர் முதலில் காற்றைக் குறைத்து, டீசல் பீச்சும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, புகையைச் சூடேற்றப் பார்க்கும். நீங்கள் பள்ளி வாசலில் வண்டியை அணைக்கும் நேரம் பெரும்பாலும் இந்தக் கட்டமாகத்தான் இருக்கும். அடுப்பைப் பற்ற வைத்துக் குக்கர் விசில் வருவதற்குள் அணைப்பது போல. மறுபடி ஸ்டார்ட் செய்தால் அது முதலிலிருந்து ஆரம்பிக்கும், கடை வாசலில் மறுபடி அணையும். டீசல் செலவாகும், கரி அப்படியே இருக்கும்.

பல வண்டிகளில் ரீஜென் நடக்கும்போது எந்த விளக்கும் எரியாது. உங்கள் மஞ்சள் விளக்கு வருவது, பலமுறை முயன்றும் முடிக்க முடியவில்லை, கொஞ்சம் ஒத்துழைப்பு கொடு என்று வண்டி கேட்கும்போதுதான். ஆகவே விளக்குக்காகக் காத்திருக்காமல், எரிப்பு நடப்பதை நீங்களே கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள். சிக்னலில் நிற்கும்போது வழக்கமாக 750இல் இருக்கும் ஐட்லிங் 950, 1000 என்று ஏறி நிற்கும். எஞ்சின் சத்தம் கொஞ்சம் தடித்துக் கேட்கும். நின்றால் தானாக அணைகிற வசதி உள்ள வண்டி அன்றைக்கு அணையாது. திரையில் அந்த நேரத்து டீசல் செலவு திடீரென ஏறும். வண்டியை நிறுத்தி இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஊளையிடும், கீழேயிருந்து இரும்பு காய்கிற வாசனை வரும். இவற்றில் இரண்டு ஒன்றாக வந்தால் ரீஜென் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், அணைக்காதீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைக்கு நேராகப் போகாமல் துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐட்லிங் பழைய இடத்துக்கு இறங்கினால் முடிந்தது.

சரி, ஹைவேக்கு வருவோம். "ஒரு மிதி மிதித்தால் போதும்" என்பது பாதி உண்மை. வேகமும் உறுமலும் கரியை ஊதித் தள்ளிவிடும் என்று நினைத்துச் சொல்கிறார்கள், அப்படி எதுவும் நடப்பதில்லை. தேவைப்படுவது சீரான சூடு, சீரான ஓட்டம், இடையில் நிற்காத நேரம். மணிக்கு 60இலிருந்து 80, எஞ்சின் சுற்று 2000க்கு மேல், இருபது நிமிடம். ஆட்டோ கியர் தானாக மேல் கியருக்குப் போய் 1400 சுற்றில் சோம்பலாக ஓடும். அப்போது மேனுவல் பக்கம் தள்ளி ஒரு கியர் இறக்கி வையுங்கள். அடிக்கடி காலை எடுத்து எடுத்து மிதிப்பதும் நல்லதில்லை. எரியும் நேரத்தில் காலை எடுத்தால் டீசல் நின்று குளிர் காற்றுதான் குழாய்க்குள் போகும்.

பினாங்கில் இருப்பவருக்கு இதற்குக் கையோடு ஒரு சாலை இருக்கிறது. பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் போகும் இரண்டாம் பாலம் மொத்தம் 24 கிலோமீட்டர். 80இல் போனால் 18 நிமிடம். நடுவில் சிக்னல் இல்லை, சந்திப்பு இல்லை. ரீஜெனுக்கென்றே அளந்து கட்டியது போல இருக்கும். பழைய பாலம் 13.5 கிலோமீட்டர், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், அதுவும் ஜாம் இல்லாத நாளில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து கிளம்பினால், பத்து மாவுங் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும். பாலத்தில் ஏறும்போது கம்ப்யூட்டர் தயாராக இருக்கும். விளக்கு மஞ்சளாக நிலையாக எரிகிற இந்தக் கட்டத்தில் போக ஒருமுறை, வர ஒருமுறை ஓட்டினாலே பெரும்பாலும் அணைந்துவிடும். கிளம்பும் முன் டீசல் தொட்டியைப் பாருங்கள். கால் தொட்டிக்கும் கீழே இருந்தால் ஊற்றிக்கொண்டு போங்கள், டீசல் குறைவாக இருந்தால் ரீஜென் ஆரம்பிக்காத வண்டிகள் உண்டு.

விளக்கு எரியாத வாரங்களில் சும்மா பாலத்துக்குப் போய்வந்தால் ரீஜென் நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கரிக் கணக்கு எல்லையைத் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தீ மூட்டாது. டோல் காசுக்கு அன்றைக்குக் கிடைப்பது கடல் காற்றும், அந்த முதல் வகை மெல்லிய எரிப்பும்தான்.

ஹைவே மட்டும் மருந்தில்லை என்பதற்கு ஒரு வண்டியைச் சொல்கிறேன். கூலிமிலிருந்து பட்டர்வொர்த்துக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் டீசல் வேன். தினமும் காலையும் மாலையும் விரைவுச்சாலை, ஒரு நடைக்கு அரை மணிக்கு மேல். ஆனாலும் ஃபில்டர் விளக்கு. ஓட்டுநர் விளக்கைப் பார்த்ததும் தினமும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார். கடைசியில் எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்து, வண்டி 3000 சுற்றுக்கு மேல் இழுக்க மறுத்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

ஸ்கேனரைச் செருகிப் பார்த்தோம். கரிக் கணக்கு 38 கிராம். கடைசியாக முழுதாக முடிந்த ரீஜெனுக்குப் பிறகு ஓடியது 1,900 கிலோமீட்டர். பாதியில் அறுந்த ரீஜென் எண்ணிக்கை பூஜ்யம். இந்த மூன்றாவது எண்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உங்களைப் போல ஊருக்குள் ஓடுகிற வண்டி என்றால் ஐந்து, எட்டு என்று அறுந்திருக்கும். இங்கே அறுபடவே இல்லை, காரணம் ஆரம்பிக்கவே இல்லை. ஏன் ஆரம்பிக்கவில்லை? வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனேன், கூட வந்த பையன் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு வந்தான். 70இல் இருபது நிமிடம் ஓட்டியும் கூலன்ட் சூடு 58, 61, 59 என்றே ஆடியது. 80க்கு மேல் போய் நிற்க வேண்டியது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டிருந்தது, குளிர்ந்த எஞ்சினில் அது ரீஜெனைத் தொடங்காது.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பது தெர்மோஸ்டாட். திரும்பி வந்து அதன் மூடியைக் கழற்றினோம். உள்ளே ரப்பர் வளையம் இருந்தது, தெர்மோஸ்டாட் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வண்டி ஒருமுறை சூடேறியதாம். வேறொரு பட்டறையில் "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். பழைய கார்களில் காலங்காலமாக இங்கே செய்துவந்த வேலை அது. அந்த வண்டிகளில் எண்ணெய்ச் செலவு கொஞ்சம் கூடியதோடு போயிற்று. கரி ஃபில்டர் உள்ள வண்டியில் அதே வேலை ஃபில்டரைக் கொன்றுவிடும். அன்றைக்கு வண்டி சூடேறியதற்கு உண்மையான காரணம் ரேடியேட்டரில் இருந்த கசிவு, அது அப்படியே இருந்தது.

புது தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், கூலன்ட் மாற்றினோம். ஆனால் உடனே சாலையில் ஓட்டி எரிக்க முடியாது. 38 கிராம் அந்த வண்டிக்கு எல்லை மீறிய சுமை, கம்ப்யூட்டரே ஓட்டத்தில் தீ மூட்ட மறுத்துவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சேர்ந்த கரி பற்றிக்கொள்ளும்போது ஓட்டுநர் சட்டென்று காலை எடுத்தால், சூட்டை அள்ளிப் போக வேண்டிய புகையோட்டம் குறையும், ஆனால் ஆக்சிஜன் ஏறும். ஃபில்டருக்குள் 1000 டிகிரியையும் தாண்டிப் பீங்கான் விரிசல் விடும், உருகவும் செய்யும். அதனால் பட்டறையில் ஸ்கேனர் வழியாக நின்ற இடத்திலேயே எரிக்க வேண்டும். வண்டியை வெளியே சிமெண்டுத் தரையில் நிறுத்தினோம். காய்ந்த புல்லோ அட்டையோ பக்கத்தில் இருக்கக் கூடாது, குழாய் முனையில் வருகிற காற்றே தீ வைத்துவிடும். எஞ்சின் தானே சுற்றைக் கூட்டிக்கொண்டது. ஃபில்டர் முகப்பில் சூடு 230இலிருந்து ஏறி, ஏழாவது நிமிடத்தில் 580ஐத் தொட்டு, அப்புறம் 610 பக்கத்திலேயே நின்றது. 28 நிமிடத்தில் கரிக் கணக்கு 4 கிராமுக்கு இறங்கியது. சுற்றை 2500இல் பிடித்து அளந்த அழுத்த வித்தியாசம் 19 கிலோபாஸ்கலிலிருந்து 6க்கு வந்தது. கணக்கு கம்ப்யூட்டர் போட்ட ஊகம், அழுத்தம் நிஜம். இரண்டும் சேர்ந்து இறங்கினால்தான் நான் நம்புவேன். அந்த வேன் அப்புறம் 450, 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை தானாகவே எரித்துக்கொண்டு ஓடுகிறது.

உங்கள் வண்டிக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தத் தெர்மோஸ்டாட் கதையை அல்ல, எஞ்சின் எண்ணெய் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை. ரீஜெனுக்காகக் கூடுதலாகப் பீச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து, பிஸ்டன் மோதிரங்களைத் தாண்டி எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். ஒரு முழு ரீஜெனுக்கு இது பெரிய விஷயமில்லை. ஒன்று முடிய வேண்டிய இடத்தில் ஐந்து முறை ஆரம்பித்து ஐந்து முறை அறுந்தால், டீசல் மேலும் மேலும் உள்ளே இறங்கும். நம் ஊர் பம்பில் வருவது பாமாயில் எஸ்டர் கலந்த டீசல். சாதாரண டீசலில் இலேசான பகுதி எஞ்சின் சூட்டில் ஆவியாகி எண்ணெயை விட்டுப் போய்விடும். பாமாயில் எஸ்டர் கொதிநிலை அதிகமானது, எண்ணெய்க்குள்ளேயே தங்கிவிடும்.

அதனால் காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், சமதரையில் மினியாக் ஹித்தாம் அளவைப் பாருங்கள். ஊற்றாமலே மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, டீசல். இரண்டு விரலால் தேய்த்தால் தண்ணீராக ஓடும், மூக்கில் வைத்தால் டீசல் வாசம் அடிக்கும். அப்படி இருந்தால் பாலத்துக்குப் போக வேண்டாம், முதலில் எண்ணெயை மாற்றுங்கள். இளகிய எண்ணெய் டர்போ பேரிங்கைத் தின்னும். அளவு ரொம்பவும் ஏறினால் எஞ்சின் தன் எண்ணெயையே மூச்சுக்குழாய் வழியாக உறிஞ்சி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடக்கூடும். அப்படி ஓடி உடைந்த ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்றவர் எல்லாம் ஓடிவிட்டார்கள், நானும்தான்.

மாற்றும்போது எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். கரி எரிந்து போகும், எண்ணெயில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்தால் வருகிற சாம்பல் எரியாது, ஃபில்டரின் கடைக்கோடியில் அப்படியே தங்கும். அதனால்தான் கையேட்டில் ஏசிஇஏ சி3 என்றோ அது போன்ற சி வரிசைத் தரத்தையோ போட்டிருப்பார்கள். சி3 எண்ணெயில் சாம்பல் 0.8 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். பட்டறை டிரம்மில் இருக்கும் லாரி எண்ணெயில் அதைவிட அதிகம். மலிவாகத் தெரியும், ஃபில்டரின் ஆயுளில் கழித்துக்கொள்ளும். வண்டி ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டி, ரீஜென் முழுதாக முடிந்த பிறகும் அழுத்தம் இறங்காமல், இருநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை மறுபடி எரிக்கிறது என்றால் அது கரியில்லை, சாம்பல். அதற்கு ஃபில்டரைக் கழற்றி, அதற்கென இருக்கும் இயந்திரத்தில் பின்பக்கமிருந்து கழுவ வேண்டும். போத்தலில் விற்கிற ஃபில்டர் மருந்து எதுவும் சாம்பலைத் தொடாது. ஃபில்டரை உள்ளே இடித்துக் காலி டப்பாவாக்கிக் கம்ப்யூட்டரை ஏமாற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பட்டறையில் அந்த வேலையைத் தொடுவதில்லை. கரி அதிகம் வந்ததற்கு இன்ஜெக்டரோ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் ஈஜிஆரோ, பிளந்த டர்போ குழாயோ காரணம் என்றால், அது அப்படியே இருக்கும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர்தான் மூச்சில் வாங்குவார்.

ஆக, டிப்ஸ்டிக் சரியாக இருக்கிறதா, விளக்கு மஞ்சளாக நிலையாக எரிகிறதா, வேறு விளக்கு எதுவும் இல்லையா என்று பாருங்கள். மூன்றுக்கும் பதில் ஆம் என்றால் பாலத்துக்குப் போங்கள். விளக்கு விட்டு விட்டு மின்னினாலோ, எஞ்சின் விளக்கும் சேர்ந்து வந்தாலோ, வண்டி இழுக்காமல் போனாலோ ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போய், கரிக் கணக்கு எத்தனை கிராம், கடைசி முழு ரீஜெனிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை முறை அறுந்தது என்ற மூன்று எண்களைக் கேளுங்கள். அவற்றைப் பார்க்காமலே ஃபில்டரை மாற்று என்று சொன்னால் வேறு பட்டறைக்குப் போங்கள்.

மீதி 4 லிட்டர் ஆட்புளூ இருக்கிறது இல்லையா, அதைக் காரின் பின்னால் போட்டு வைத்திருப்பீர்கள். எடுத்து வீட்டுக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். 30 டிகிரிக்குள் வைத்தால் ஒரு வருடம் தாங்கும், 35 என்றால் ஆறு மாதம்தான், வெயிலில் நிற்கிற காருக்குள் அதைவிடவும் சீக்கிரம் கெடும். உங்கள் அளவு வண்டி ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர்தான் குடிக்கும், ஆகவே அது காலியாக உங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். போத்தல் மேல் திறந்த தேதியை எழுதி வையுங்கள். ஊற்றும்போது தொட்டி வாயில் சிந்தினால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்து மூடியைப் பிடித்துக்கொள்ளும்.